திரை மறையும் 20 விநாடி

கணக்காளராக வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு, மாலை நான்கு மணியானால் கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். யாரோ சொல்லி, ஸ்ட்ரெச்லி என்ற இலவசச் செயலியைக் கணினியில் போட்டுக்கொண்டார். அவ்வப்போது திரையை மறைத்து ஓய்வெடுக்கச் சொல்லும் செயலி அது. ஒரு மாதம் கழித்து விசாரித்தேன். "வந்த உடனே மூடிடறேன். கை தானாவே போயிடுது" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எதையும் மாற்றாமல் விட்டால் அந்தச் செயலி 10 நிமிடத்துக்கு ஒரு சிறு இடைவேளையும் அரை மணிக்கு ஒரு 5 நிமிட இடைவேளையும் தரும். வரவு செலவு சரிபார்ப்பவருக்கு அது தொல்லைதான். சிறு இடைவேளையை 20 நிமிடத்துக்கு ஒன்றாகவும், நீண்டதை மணிக்கு ஒன்றாகவும் மாற்றினோம். தவிர்க்கும் பொத்தானையும் எடுத்துவிட்டோம். அமைப்புகளில் அதற்கு வசதி உண்டு.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. திரை மறைந்ததும் அவர் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்! கண் மருத்துவர்கள் சொல்வது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருப்பதை, 20 விநாடி பார்க்க வேண்டும் என்று. கிட்டத்தில் பார்க்கும்போது விழிக்குள் இருக்கும் சிறு தசை இறுகி, லென்ஸைத் தடிமனாக்குகிறது. தூரத்தில் பார்த்தால்தான் அது தளரும். கைபேசியோ கணினித் திரையைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

எரிச்சலுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. திரையில் ஆழ்ந்தால் நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்து, கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகிறது. அதனால் ஜன்னல் வழியே எதிர்வீட்டு மரத்தைப் பார்க்கும்போதே பத்து முறை இமைகளை முழுதாக மூடித் திறக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் எரிச்சல் நன்றாகக் குறைந்தது.

கழுத்துவலி மட்டும் போகவில்லை. 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்று நினைவூட்டும் இன்னொரு செயலியையும் போட்டுப் பார்த்தார். பலனில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அவருக்கு வயது 46. புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறார். அதில் கிட்டப் பார்வைக்கான பகுதி அடியில் இருக்கும். எல்லோரும் சொல்வதுபோல் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்திருந்தார். எண்கள் தெளிவாகத் தெரிய, நாள் முழுக்க முகவாயைத் தூக்கியபடியே வேலை செய்தார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. கழுத்துதான் பின்னால் மடங்கியிருந்தது. இதை எந்த நினைவூட்டலும் சரிசெய்யாது.

திரைக்கு அடியிலிருந்த இரண்டு பழைய லெட்ஜர்களை எடுத்தோம். முகவாய் தானாக இறங்கியது. பிறகு கண் மருத்துவரிடம் போனவர், கண்ணிலிருந்து திரை வரை அளந்த தூரத்தை, 60 சென்டிமீட்டர், சொல்லி, கணினிக்கென்றே தனிக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். ஸ்ட்ரெச்லி இன்னும் ஓடுகிறது. மற்றச் செயலியை நீக்கிவிட்டார்.