திரையில் தெரியும் விலையில் பங்கு கிடைக்காது

தரகு நிறுவனத்தின் செயலியைத் திறந்தால் ஒரு பங்கின் பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எண் இருக்கும். 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. LTP என்று போட்டிருப்பார்கள். புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிற பலர் இந்த எண்ணை மட்டும் படித்து, "விலை இதைத் தொட்டால் வாங்கு" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அது முடிந்துபோன வியாபாரத்தின் விலை. அடுத்த பங்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்வது ஆர்டர் புக்.

இன்னும் நிறைவேறாமல் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்தான் ஆர்டர் புக். ஒரு பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள், மறுபக்கம் விற்கக் காத்திருப்பவர்கள். வாங்குவோரில் அதிக விலை சொன்னவருக்கும், விற்போரில் குறைந்த விலை சொன்னவருக்கும் முதலிடம். ஒரே விலை சொன்னவர்களுக்குள் முதலில் வந்தவர் முன்னால் நிற்பார். நம் தேசியப் பங்குச் சந்தையில் இதுதான் விதி. செயலிகள் பெரும்பாலும் இரு பக்கமும் முதல் ஐந்து விலைகளைக் காட்டும்.

அதிகம் கைமாறாத ஒரு சிறு பங்கைக் கற்பனை செய்வோம். விற்பவர்கள் பக்கம் 100.05-க்கு 80 பங்கு, 100.20-க்கு 150, 100.90-க்கு 200, 102-க்கு 400 இருக்கின்றன. வாங்குவோர் பக்கம் 99.95-க்கு 120, 99.90-க்கு 300, 99.80-க்கு 500. உங்கள் ஸ்கிரிப்ட் 500 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறது. மார்க்கெட் ஆர்டர் என்றால் என்ன விலையானாலும் சரி, உடனே கொடு என்று பொருள். முதல் மூன்று விலைகளிலும் சேர்த்து 430 பங்குதான் உண்டு. மீதி 70-ஐ 102 ரூபாய்க்கு வாங்க வேண்டிவரும். மொத்தச் செலவு 50,354 ரூபாய். 50,000 ஆகும் என்று எண்ணியிருந்தீர்கள். 354 ரூபாய் கூடிவிட்டது. அதே நொடியில் மனம் மாறி 500-ஐயும் விற்றால் வாங்குவோர் பக்கத்திலிருந்து கிடைப்பது 49,948 ரூபாய். தரகும் வரியும் சேர்க்காமலே 406 ரூபாய் நஷ்டம்.

இதைவிட மோசமான ஒன்று இனிமேல்தான். அந்தக் கடைசி 70 பங்கு 102-க்குக் கைமாறியதால் LTP இப்போது 102 என்று காட்டும். உங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து "விலை இரண்டு சதவீதம் ஏறிவிட்டது, இன்னும் வாங்கு" என்று முடிவெடுக்கலாம். ஏற்றியதே அதுதான் என்பது அதற்குத் தெரியாது. உங்களிடமிருந்து வாங்கத் தயாராக இருப்பவரோ இன்னமும் 99.95-இல்தான் நிற்கிறார்.

பெரிய பங்குகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 5 காலை, ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறாக வந்த 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளவை, தேசியப் பங்குச் சந்தையில் விழுந்தன. அருகிலிருந்த வாங்குவோர் அத்தனையும் தீர்ந்து, ஆர்டர்கள் அடுத்தடுத்த தாழ்ந்த விலைகளுக்கு இறங்க, நிஃப்டி சில நொடிகளில் சுமார் 900 புள்ளி சரிந்தது. வியாபாரத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே ஆர்டர் போடும் முன் ஸ்கிரிப்ட் புக்கைப் படித்து, சராசரியாக என்ன விலை விழும் என்று கணக்கிட வேண்டும். அது சில வரி வேலைதான்:

```python
def avg_price(asks, qty):
    left, cost = qty, 0
    for price, size in asks:
        take = min(left, size)
        cost += take * price
        left -= take
        if left == 0:
            return cost / qty
    return None
```

மேலே சொன்ன எண்களைக் கொடுத்தால் ஏறத்தாழ 100.71 வரும். `None` வந்தால், கண்ணுக்குத் தெரியும் புக்கில் அவ்வளவு பங்கு இல்லை என்று அர்த்தம். அப்போது ஆர்டர் போகவே கூடாது. இந்தக் கணக்கும் மதிப்பீடுதான். நீங்கள் படித்த கணத்துக்கும் ஆர்டர் சந்தையைச் சேரும் கணத்துக்கும் நடுவில் பலர் தங்கள் ஆர்டரை ரத்து செய்திருக்கலாம்.

அதனால்தான் லிமிட் ஆர்டர் வேண்டும் என்கிறேன். 100.20-க்கு மேல் தரமாட்டேன் என்று 500 பங்குக்குப் போட்டால் 230 மட்டும் கிடைக்கும். மீதி 270 வாங்குவோர் வரிசையில் முதலாவதாகப் போய் நிற்கும். இங்கேதான் பல ஸ்கிரிப்டுகள் தடுக்கி விழுகின்றன. "முழுதாக முடியவில்லை" என்பதை "நடக்கவே இல்லை" என்று புரிந்துகொண்டு, இன்னொரு 500-க்கு ஆர்டர் அனுப்பிவிடும். எத்தனை பங்கு கிடைத்தது, எத்தனை பாக்கி என்று தரகு நிறுவனத்திடம் கேட்டு, பாக்கியை ரத்து செய்த பதில் வந்த பிறகே அடுத்த அடி வைக்கும்படி எழுதுங்கள்.

முதலில் சில வாரங்கள் ஸ்கிரிப்டை ஆர்டர் அனுப்பாமல் ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் LTP என்ன, புக் கணக்குப்படி விழும் சராசரி என்ன என்று இரண்டையும் கோப்பில் எழுதிவைக்கட்டும். அந்த வித்தியாசம் நீங்கள் எதிர்பார்க்கும் லாபத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பங்கில் அந்த ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள்.