எட்டி நின்றாலும் படிக்க முடிகிற போஸ்டர்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதயத்தின் ரத்த ஓட்டத்தை விளக்கும் போஸ்டர் ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். நீல நிற சார்ட், சிவப்பு மார்க்கரில் தலைப்பு, பச்சை ஸ்கெட்ச் பேனாவில் விளக்கம். மேசைமேல் வைத்துப் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும். சுவரில் மாட்டிவிட்டு ஆறடி தள்ளி நின்றால் தலைப்பின் ஓரங்கள் மங்கிவிடும். விளக்கத்தைப் படிக்கவே முடியாது.

சிவப்பும் நீலமும் வெவ்வேறு நிறங்கள்தான். ஆனால் எழுத்தின் விளிம்பைக் கண் பிரித்தறிய நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாடே அதிகம் உதவுகிறது. சிவப்பு, நீலம் இரண்டுமே கண்ணுக்கு மங்கலான நிறங்கள். மஞ்சளோ வெள்ளைக்கு மிக அருகில் இருக்கிறது.

இணையப் பக்கங்களுக்கான சர்வதேச விதிமுறை இந்த வேறுபாட்டை 1 முதல் 21 வரையிலான அளவுகோலில் அளக்கிறது. வெள்ளைமேல் கறுப்பு 21. சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும். திரையில் தூய நீலத்தின்மேல் தூய சிவப்பு 2-ஐச் சற்றே தாண்டுகிறது. வெள்ளைமேல் மஞ்சள் 1.1-ஐக்கூட எட்டுவதில்லை. மையும் காகிதமும் திரையைப் போலவே இருக்காது என்றாலும், வரிசை பெரிதாக மாறாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். சார்ட்டின் ஒரு துண்டில் எல்லா மார்க்கராலும் ஒவ்வொரு வரி எழுதி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தால், எந்த வரி பின்னணியோடு கரைகிறதோ அந்த மார்க்கர் எழுத்துக்கு உதவாது.

இனி அதே போஸ்டரைத் திருத்தலாம். வெள்ளை சார்ட், தலைப்பும் விளக்கமும் கறுப்பில். சிவப்பும் நீலமும் படத்துக்கு மட்டும்: ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்துக்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம். தலைப்புக்கும் சிவப்பைப் பூசினால், படத்தில் அது எதைக் குறிக்கிறது என்ற குழப்பம் வரும். பாகங்களின் பெயரை வண்ணத்தின்மேல் எழுதாமல், கோடு இழுத்து வெள்ளை ஓரத்தில் கறுப்பில் எழுதினால் தெளிவாக இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். அதனால் ரத்தக்குழாய்களின்மேல் அம்புக்குறி போட்டு, நீலக் குழாய்களைக் கோடு கோடாகவும் வரைந்தால் நல்லது.

நீலத்துக்குப் பதில் பச்சையைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு சிக்கல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அவர்களுக்கு இரு குழாய்களும் ஒன்றுபோலத் தெரியும். சிவப்பையும் நீலத்தையும் அவர்களில் பெரும்பாலோர் எளிதில் பிரித்தறிவார்கள்.

வேலை முடிந்ததும் பளபளப்பான பிளாஸ்டிக் உறை போடுவது பலருடைய வழக்கம். டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கறுப்பு எழுத்தும் வெளுத்துத் தெரியும். உறையை எடுத்துவிட்டாலோ, போஸ்டரை விளக்குக்கு நேரெதிராக மாட்டாமல் தள்ளி மாட்டினாலோ அந்தப் பளபளப்பு போய்விடும்.