ஆய்வுச் சுருக்கத்திலிருந்து ஆய்வு விளக்கவுரைக்கு

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, தன்விவரக் குறிப்போடு ‘ரிசர்ச் ஸ்டேட்மென்ட்’ என்னும் ஆய்வு விளக்கவுரையையும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. பொதுவாக இது இரண்டு முதல் ஐந்து பக்கம் வரை இருக்கும். முனைவர் பட்டம் முடித்தவரின் கையில் ஆய்வேட்டின் சுருக்கம் தயாராக இருப்பதால், அதையே நீட்டி அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். செய்துமுடித்த ஓர் ஆய்வில் என்ன தெரியவந்தது என்பதைச் சுருக்கம் சொல்கிறது. வேலை கிடைத்தால் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் விண்ணப்பதாரர் எதை ஆராய்வார், அதை அவரால் செய்ய முடியும் என்று எப்படி நம்புவது என்பதை விளக்கவுரை சொல்ல வேண்டும்.

மாற்றும் முறையைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். தருமபுரி வட்டாரத்தின் நிலத்தடி நீரில் உள்ள புளோரைடு பற்றிய ஆய்வேடு அது. அதன் சுருக்கம் இப்படி இருக்கிறது: ‘அறுபது கிணறுகளின் நீர், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டது. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய நீரில் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டியிருந்தது.’

முதல் வேலை, இந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய கேள்வியை வெளியே எடுப்பது. தேர்வுக் குழுவில் வேதியியலாளரோடு கட்டுமானப் பொறியாளரும் இருக்கலாம். அவருக்குக் கிணறுகளின் எண்ணிக்கையைவிட, ஒரே ஊரில் ஒரு கிணற்று நீர் குடிக்கத் தக்கதாகவும் அடுத்த கிணற்று நீர் தகாததாகவும் இருப்பது ஏன் என்னும் கேள்விதான் உடனே பிடிபடும். விளக்கவுரை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, முடிவுகளைச் சுருக்கிக் காரணத்தை விரிப்பது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது புளோரைடுடன் சேர்ந்து புளோரைட் என்னும் கனிமமாக வீழ்படியும். ஆகவே நீரில் புளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கால்சியம் சுண்ணாம்புப் படிவாக வெளியேறிவிட்டால் அந்தத் தடை நீங்கிப் பாறையிலிருந்து மேலும் புளோரைடு கரைகிறது. ஆய்வேட்டின் ஐந்து இயல்களை இந்த ஒரு பத்தியில் அடக்கலாம். ‘சோதிக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வாக்கியங்கள் இங்கே ‘சோதித்தேன்’ என்று மாற வேண்டும். நெறியாளரின் ஆய்வகம் செய்தது எது, விண்ணப்பதாரரே வகுத்துச் செய்தது எது என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது படிதான் கடினமானது. ஆய்வேட்டின் குறைகளாகச் சொன்னவற்றை இனிவரும் திட்டங்களாக மாற்ற வேண்டும். மேற்சொன்ன ஆய்வு இரண்டு பருவங்களை மட்டுமே பார்த்தது. கசிவுநீர்க் குட்டைகளுக்கு அருகிலுள்ள கிணறுகளில் புளோரைடு குறைகிறதா என்று அது சொல்லவில்லை. இதுவே அண்மைத் திட்டமாகலாம்: குட்டையிலிருந்து வெவ்வேறு தொலைவில் உள்ள சில கிணறுகளை மாதந்தோறும் மூன்று ஆண்டுகள் சோதிப்பது. கைவசமுள்ள தரவில் குட்டை அருகிலுள்ள கிணறுகளை மட்டும் பிரித்து ஒரு படமாகத் தந்தால், திட்டம் வெறும் ஆசையன்று என்பதற்கு அது சான்றாகும். குட்டையை எங்கே வெட்டினால் குடிநீர் மேம்படும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை உருவாக்குவது தொலைநோக்குத் திட்டம். முதல் திட்டத்தில் நீர்த்தல் நிகழவில்லை என்று தெரிந்தாலும், ஏன் நிகழவில்லை என்னும் கேள்வி எஞ்சும் என்பதையும் எழுதுவது நல்லது. ஒரே விடையை நம்பி நிற்கும் திட்டம் குழுவுக்குத் தயக்கத்தைத் தரும்.

கடைசிப் பத்தி நிறுவனத்துக்கு ஏற்ப மாறும். எந்தக் கருவி அங்கே ஏற்கெனவே இருக்கிறது, எதை வாங்க வேண்டும், எந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம், மாணவருக்கு எந்தப் பகுதியைத் தரலாம் என்பவை இங்கே வர வேண்டும். அமெரிக்காவில் என்எஸ்எஃப் அமைப்பின் ‘கேரியர்’ நல்கை ஐந்தாண்டுக்கானது. அங்கே விண்ணப்பிப்பவர் முதல் திட்டத்தை அந்தக் கால அளவுக்குள் வகுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் விண்ணப்பிப்பவர் இங்குள்ள நிதி அமைப்புகளின் திட்டக் காலத்தைப் பார்க்க வேண்டும்.

மாற்றம் சரியாக நடந்ததா என்று அறிய எளிய சோதனைகள் உண்டு. இனிச் செய்யப்போவதற்கு மூன்றில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைக்கவில்லை என்றால், உரை இன்னும் சுருக்கமாகவே இருக்கிறது. எதிர்காலத் திட்டங்களில் நெறியாளரின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது என்றால், விண்ணப்பதாரருக்கென்று தனிப் பாதை எழுதப்படவில்லை. வேறு துறை நண்பர் ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, ஆராயப்படும் கேள்வியைத் தன் சொற்களில் சொல்ல முடியாமல் போனால், தொடக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.