0.1-க்கு அடுத்த கோடு 0.2

ஆற்று மணலோ எம்-சாண்டோ, கட்டட வேலைக்கு வரும் மணலை ஆய்வுக்கூடத்தில் சலித்துப் பார்ப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சல்லடைகள். மேலே கண் பெரியது, கீழே போகப் போகச் சிறியது. கண்களின் அளவு இப்படி இறங்கும்: 4.75 மி.மீ., 2.36, 1.18, 0.6, 0.3, 0.15, கடைசியில் 0.075. ஒவ்வொன்றும் முந்தையதில் ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு சல்லடை வழியாகவும் நூற்றுக்கு எத்தனை பங்கு மணல் இறங்கியது என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் போடுவார்கள். அந்தத் தாளின் அடிக்கோட்டில்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் திணறுவார்கள். அதில் கோடுகள் சீராக இல்லை. முதலில் அகலமாக விலகி நின்று, வரவர நெருங்கி, மறுபடி திடீரென்று அகலும்.

சாதாரணத் தாளில் போட்டால் என்ன ஆகும்? 4.75-ஐ அடிக்கோட்டில் 10 சென்டிமீட்டரில் வைத்தால், 0.15 மூன்று மில்லிமீட்டரில் வந்து நிற்கும், 0.075 ஒன்றரை மில்லிமீட்டரில். பொடி மணலின் கதை முழுவதும் இடது மூலையில் ஒரு பென்சில் புள்ளிக்குள் அடங்கிவிடும். மணல் நல்லதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தப் பொடிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் பாதிக்குப் பாதியாக இறங்கும் அளவுகளுக்குச் சம இடைவெளி தரும் ஒரு கோடு தேவைப்படுகிறது. மடக்கைக் கோடு அதைத் தருகிறது. அதில் தூரம் குறிப்பது எத்தனை கூடியது என்பதை அல்ல, எத்தனை மடங்கு ஆனது என்பதை.

அந்தக் கோட்டை நாமே போடலாம். ஒரு வெள்ளைத்தாளில் 10 செ.மீ. கோடு இழுத்து, இடது முனைக்கு 1, வலது முனைக்கு 10 என்று எழுதுங்கள். 2-இன் மடக்கை 0.301; ஆகவே 2-ஐ 3.01 செ.மீ.யில் குறியுங்கள். 4 என்பது 2-இன் இரு மடங்கு. அதே தூரத்தை இன்னொரு முறை நகர்ந்தால் 6.02-இல் 4 கிடைக்கும். மறுபடி நகர்ந்தால் 9.03-இல் 8. வலது முனையிலிருந்து அதே 3.01-ஐப் பின்னால் வந்தால், பத்தில் பாதியான 5, 6.99-இல் கிடைக்கும். 3-இன் இடம் 4.77. அதோடு 3.01-ஐக் கூட்டினால் 6-க்கு 7.78, 4.77-ஐயே இரட்டித்தால் 9-க்கு 9.54. மிச்சம் 7 ஒன்றுதான், அது 8.45-இல். ஆக 2, 3, 7 என்ற மூன்று எண்களின் மடக்கை தெரிந்தால் கோடு முழுவதும் தயார். இங்கிலாந்தில் எட்மண்ட் கண்டர் 1620 வாக்கில் எண்களை இப்படி ஒரு கோட்டில் பொறித்துக் காட்டினார். பொறியாளர்கள் பல தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த ஸ்லைடு ரூல் அதிலிருந்து பிறந்தது.

இந்தப் பத்து சென்டிமீட்டர் துண்டுக்கு ஆய்வுக்கூடத்தில் சைக்கிள் என்று பெயர். 0.01 முதல் 0.1 வரை ஒரு சைக்கிள், 0.1 முதல் 1 வரை அடுத்தது, 1 முதல் 10 வரை மூன்றாவது. மூன்றிலும் கோடுகள் அச்சு அசல் ஒரே மாதிரி. மாறுவது அவற்றின் மதிப்புதான். நடு சைக்கிளில் 0.1-க்கு அடுத்த கோடு 0.2, அதற்கடுத்து 0.3, இப்படியே 0.9 வரை. கடைசி சைக்கிளில் 1-க்கு அடுத்தது 2. தாளில் பெரும்பாலும் 0.1, 1, 10 என்று தடித்த கோடுகளுக்கு மட்டும்தான் எண் அச்சாகியிருக்கும். இடையிலிருப்பவற்றை நாம்தான் எண்ண வேண்டும். சாதாரணத் தாளில் ஊறிய கண், 0.1-க்கு அடுத்த கோட்டை 0.11 என்று படித்துவிடும். இந்தத் தாளில் நடக்கும் மிகப் பெரிய பிழை இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். உலர்ந்த மணல் 1000 கிராம் எடுத்துச் சலிக்கிறோம் என்று வையுங்கள். சல்லடைகளில் தங்கியது மேலிருந்து கீழாக 30, 90, 180, 250, 270, 140, 25 கிராம். அடித்தட்டில் 15 கிராம். அப்படியானால் இறங்கிய பங்கு, 4.75-இல் 97 சதவீதம், பிறகு 88, 70, 45, 18, 4, 0.075-இல் ஒன்றரை. இப்போது புள்ளி வைக்க வேண்டும். 0.15 எங்கே? 0.1 தொடங்கும் இடத்திலிருந்து 1.5-இன் மடக்கை அளவு, அதாவது 1.76 செ.மீ. தள்ளி. 0.1-க்கும் 0.2-க்கும் நடுவே என்று ஒன்றரை செ.மீ.யில் வைத்தால் அது 0.14 ஆகிவிடும். மடக்கைக் கோட்டில் இரண்டு எண்களுக்குச் சரிநடுவில் இருப்பது அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலம். 1-க்கும் 2-க்கும் நடுவே 1.41. 1-க்கும் 10-க்கும் நடுவே 5 அல்ல, சுமார் 3.16. 2-க்கும் 3-க்கும் நடுவே 2.45, இங்கே பிழை சிறியது. 8-க்கும் 9-க்கும் நடுவே 8.5 என்றே படித்துவிடலாம். கண்ணளவாகப் படிக்கும்போது கவனம் அதிகம் வேண்டியது சைக்கிளின் தொடக்கத்தில், கோடுகள் அகன்றிருக்கும் இடத்தில்.

எல்லாப் புள்ளிகளையும் வைத்தபின் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஏழு சல்லடைகளும் ஏறக்குறைய மூன்று செ.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும். ஒரு புள்ளி மட்டும் ஒட்டியோ விலகியோ நின்றால் அதைத் தவறான கோட்டில் வைத்திருக்கிறோம் என்று பொருள். என் அனுபவத்தில் இதைவிட விரைவான சரிபார்ப்பு கிடையாது.

இனி படிக்க வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு மணல் எந்த அளவைவிடச் சிறியது? 10 சதவீதத்தில் கிடையாகக் கோடு இழுத்து, வளைவைத் தொட்ட இடத்திலிருந்து நேரே கீழே இறங்குகிறோம். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்திருந்தால், 0.1-இலிருந்து 3.05 செ.மீ.யில் வந்து விழும். 0.1-க்கு அடுத்த கோட்டை ஒட்டிய இடம். ஆகவே விடை 0.2 மி.மீ. அதேபோல 60 சதவீதத்துக்கு இறங்கினால், 1-க்கு முந்தைய கடைசிக் கோடான 0.9-இல் விழும். 0.1-க்கும் 0.2-க்கும் நடுவே மூன்று செ.மீ.; 0.9-க்கும் 1-க்கும் நடுவே அரை செ.மீ. கூட இல்லை. இரண்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் முன்னது இரண்டு மடங்கு, பின்னது ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல்.

அந்த 0.2 சும்மா எழுதி வைக்கும் எண் அல்ல. அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன், 1892-இல் தண்ணீர் வடிகட்டும் மணலை ஆராய்ந்தபோது, மணலுக்குள் நீர் இறங்கும் வேகத்தை இந்தப் பத்துச் சதவீத அளவோடு இணைத்தார். சுத்தமான, தளர்ந்த மணலில் அந்த அளவை வர்க்கப்படுத்தினால் நீர்க்கசிவுத் திறன் தோராயமாகக் கிடைக்கும்: வினாடிக்கு 0.04 செ.மீ. கோட்டை 0.11 என்று படித்திருந்தால் 0.012 வரும். ஒரே கோட்டைத் தவறாக எண்ணியதற்கு, விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. வர்க்கம் பிழையையும் பெருக்கிவிடும்.

தாள் எந்தப் பக்கம் வளர்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில ஊர்களின் வழக்கத்தில் பெரிய கல் இடப்பக்கம், பொடி வலப்பக்கம். எண்ணைப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சைக்கிளுக்குள் கோடுகள் எந்தப் பக்கம் நெருங்குகின்றனவோ, அந்தப் பக்கம்தான் எண் பெரிதாகிறது.

அடித்தட்டில் விழுந்த 15 கிராமுக்கு என்ன செய்வது? அதை 0-இல் புள்ளி வைக்கலாம் என்று தோன்றும். இந்தக் கோட்டில் 0 கிடையாது. இடப்பக்கம் நகர நகர 0.01, 0.001, 0.0001 என்று பத்திலொன்றாகக் குறைந்துகொண்டே போகுமே தவிர, பூஜ்யத்தை ஒருபோதும் தொடாது. அந்தப் பொடியைப் பற்றித் தெரிய வேண்டுமானால், அதைத் தண்ணீரில் கலக்கி, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, துகள்கள் படியும் வேகத்திலிருந்து அளவைக் கணிக்கிறார்கள். களிமண்ணின் எல்லையான 0.002 மி.மீ.க்கு இடம் வேண்டுமென்றால், தாளின் இடப்பக்கம் இன்னொரு சைக்கிளை ஒட்டினால் போதும், 0.001-க்கு அடுத்த முதல் கோடு அதுதான்.