புரட்டாசிக்கு எத்தனை கிலோ கத்தரிக்காய்?

கோயம்பேட்டிலிருந்து ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் காய்கறி கொடுக்கும் ஒரு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். புரட்டாசியில் பலர் அசைவத்தை விட்டுவிடுவதால் காய்கறி அதிகம் போகும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு அதிகம் என்பதைப் பழைய ஆர்டர் நோட்டு சொல்லும்.

நோட்டை வாரவாரமாகக் கூட்ட வேண்டும், அதுவும் தமிழ் மாதப்படி. ஏறக்குறைய செப்டம்பர் 17 வரை ஆவணி, பிறகு புரட்டாசி. மொத்த செப்டம்பரையும் ஒன்றாகக் கூட்டினால் ஏற்றம் அதற்குள்ளேயே கரைந்துவிடும். கல்யாண ஆர்டர்களை இதில் சேர்க்கக் கூடாது. அவை முன்பதிவாக வருபவை. கடைசியில் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்குக் கத்தரிக்காய். போன வருடம் முழுவதற்குமான சராசரி வாரத்துக்கு 1,600 கிலோ, புரட்டாசியில் மட்டும் 2,000 என்று வைப்போம். 2,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் 1.25. அதற்கு முந்தைய வருடம் 1.15 வந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே 1.2. அதாவது புரட்டாசி வாரம் சாதாரண வாரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இதே வழியில் ஆவணிக்கு 0.9 கிடைத்தது என்போம்.

இந்த வருட ஆவணியில் வாரத்துக்கு 1,620 கிலோ போகிறது. அது மந்தமான மாதம் என்பதால் 0.9-ஆல் வகுத்தால் 1,800 வரும். இதுதான் கடையின் இன்றைய உண்மையான அளவு. இதை 1.2-ஆல் பெருக்கினால் 2,160 கிலோ. போன வருடம் போலவே 2,000 கிலோ போதும் என்றிருந்தால் வாரத்துக்கு 160 கிலோ குறைந்திருக்கும். வாடிக்கை வளர்ந்ததை அந்தப் பழைய எண் காட்டாது.

பெரும்பாலான கடைகளில் கணக்கு கெடுவது நோட்டு எழுதும் இடத்தில்தான். ஓட்டல்காரர் 80 கிலோ கேட்டார், சரக்கு இல்லாமல் 50 கொடுத்தோம், நோட்டில் 50 ஏறியது. அடுத்த வருடக் கணக்கு அந்தத் தட்டுப்பாட்டையே தேவையாக எடுத்துக்கொள்ளும். மறுபடியும் குறைவாக வாங்கி, மறுபடியும் இல்லை என்போம். ஆகவே கேட்டது, கொடுத்தது என்று இரண்டு பத்தி அவசியம்.

கணித்ததையும் உண்மையில் வந்த ஆர்டரையும் வாரக் கடைசியில் ஒப்பிட வேண்டும். ஒரு வாரம் கூடி ஒரு வாரம் குறைந்தால் கவலையில்லை, அது சந்தையின் இயல்பு. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து ஒரே பக்கம் தவறினால் அந்த 1,800 மாறிவிட்டது என்று பொருள்: பெரிய வாடிக்கை ஒன்று போயிருக்கலாம், புதிதாக வந்திருக்கலாம். அப்போது அண்மைய வாரங்களை வைத்து அதைத் திருத்த வேண்டும், 1.2-ஐத் தொட வேண்டாம். மழையில் விலை திடீரென ஏறி, மெஸ்கள் கத்தரிக்காய்க்குப் பதில் வேறு காய்க்கு மாறும் வாரத்தை மட்டும் இந்தக் கணக்கு பிடிக்காது. அந்த வாரம் காலையில் போன் போட்டுக் கேட்டுத்தான் சரக்கு எடுக்க வேண்டும்.