800 லிட்டர் சாறு எங்கே போனது?

அன்னாசிச் சாற்றைப் பாட்டிலில் அடைக்கும் ஆலை ஒன்றில், 10,000 லிட்டர் சாறு இயந்திரத்துக்குள் போகிறது. மறுமுனையில் ஒரு லிட்டர் பாட்டில்களாக 9,200 மட்டுமே வெளியே வருகின்றன. காணாமல் போன 800 லிட்டருக்கான பணத்தை யார் தலையில் கட்டுவது? ப்ராசஸ் காஸ்டிங் பாடத்தில் வரும் இயல்பான இழப்பு, அசாதாரண இழப்பு என்ற இரண்டும் இந்தக் கேள்விக்கான பதில்தான். வகுப்பில் நாம் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று படிப்பவை இவை.

கணக்கியல் மாணவனாக ஜொகூரில் இப்படி ஓர் ஆலையில் தொழிற்பயிற்சி பெற்றேன். இங்கே தரும் எண்கள் புரிவதற்காக நான் எளிமையாக்கியவை. சாறு போகும் வழி மட்டும் அங்கே பார்த்ததுதான்.

குழாய்களைக் கழுவிய பிறகு அவற்றுக்குள் தண்ணீர் நிற்கும். சாற்றை உள்ளே விட்டதும் முதலில் வருவது தண்ணீர் கலந்த சாறு. அதைப் பாட்டிலில் அடைக்க முடியாது. அதில் 180 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடியும்போது குழாயில் தங்கிய சாற்றைத் தண்ணீர் விட்டுத் தள்ளுவார்கள். அப்போது கலந்து வீணாவது 220 லிட்டர். நுரையாக வழிவதும் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரியாக எடுப்பதும் சேர்ந்து 100 லிட்டர். மொத்தம் 500. இயந்திரம் நன்றாக ஓடினாலும், வேலை செய்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது போகத்தான் செய்யும். இதுவே இயல்பான இழப்பு. உள்ளே போனதில் 5 விழுக்காடு.

இனி பணத்துக்கு வருவோம். சாறு லிட்டருக்கு 2 ரிங்கிட் வீதம் 20,000 ரிங்கிட். ஆள்கூலி, மின்சாரம், இயந்திரச் செலவு 8,500 ரிங்கிட். பாட்டில், மூடி, லேபிள் ஆகியவற்றைத் தனியே வைத்துவிடலாம். மொத்தச் செலவு 28,500 ரிங்கிட்.

இதை எதால் வகுப்பது என்பதில்தான் தேர்வில் பலர் சறுக்குவார்கள். உள்ளே போன 10,000 லிட்டரால் வகுக்கக்கூடாது. வெளியே வந்த 9,200 லிட்டராலும் வகுக்கக்கூடாது. வந்திருக்க வேண்டிய 9,500 லிட்டரால் வகுக்க வேண்டும். விடை, லிட்டருக்கு 3 ரிங்கிட். இயல்பான இழப்புக்குத் தனியாக விலை கிடையாது. அந்த 500 லிட்டரை இழக்காமல் மற்ற 9,500 லிட்டரைத் தயாரிக்க வழியில்லை என்பதால், அதன் செலவை நல்ல பாட்டில்களே சுமக்கின்றன.

நல்ல சாறு 9,200 லிட்டரின் மதிப்பு 27,600 ரிங்கிட். மீதி 300 லிட்டர் அசாதாரண இழப்பு. அதையும் அதே 3 ரிங்கிட்டில் மதிப்பிட்டால் 900 ரிங்கிட் வரும். சாற்றின் விலையான 2 ரிங்கிட்டில் ஏன் மதிப்பிடக்கூடாது? அந்த 300 லிட்டர் விற்பனைக்குப் போயிருக்க வேண்டிய சாறு. அதற்காகவும் ஆள்கூலியும் மின்சாரமும் செலவாகிவிட்டன. ஆகவே முழு அடக்கவிலையும் அதற்கு உண்டு. இந்த 900 ரிங்கிட்டைச் செயல்முறைக் கணக்கிலிருந்து எடுத்து, நேராக இலாப நட்டக் கணக்கில் நட்டமாக எழுத வேண்டும்.

உற்பத்திப் பிரிவில் இருந்த ஓர் அண்ணன் என்னிடம் கேட்டார்: “தம்பி, எப்பப் பார்த்தாலும் எட்டுதானே போகுது? அப்புறம் ஏன் அஞ்சுன்னு எழுதுறீங்க? எட்டுன்னே போட்டுட்டா வேலை முடிஞ்சிச்சே!”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. போட்டுப் பார்ப்போம். இயல்பான இழப்பு 8 விழுக்காடு என்றால் 800 லிட்டரும் அதில் அடங்கிவிடும். அசாதாரண இழப்பு என்ற வரியே இருக்காது. 28,500 ரிங்கிட்டை 9,200 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 3 ரிங்கிட் 10 சென். பத்து சென் ஏறியதற்குக் காரணம் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாறு தயாரிக்க அவ்வளவு ஆகும் என்றே நினைத்துக்கொள்வார்கள். அதை நம்பி விற்பனை விலையையும் ஏற்றக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாதக் கடைசியில் 2,000 பாட்டில்கள் விற்காமல் கிடங்கில் இருந்தால், அவற்றின் மதிப்பு கிட்டத்தட்ட 196 ரிங்கிட் கூடுதலாகத் தெரியும். கொட்டிப்போன சாறு சொத்தாக ஐந்தொகையில் உட்கார்ந்திருக்கும். இலாபமும் அந்த அளவுக்குப் பெருத்துக் காட்டும். இதனால்தான் சரக்கிருப்புக்கான எம்எஃப்ஆர்எஸ் 102 தரநிலை, அசாதாரணமாக வீணான பொருளையும் கூலியையும் சரக்கின் அடக்கவிலையில் சேர்க்காமல் அந்தக் காலத்தின் செலவாகவே எழுதச் சொல்கிறது.

ஐந்து என்று எழுதினால் 300 லிட்டர் தனியாக நிற்கும். அதைத் தேடிப் போகலாம். முதலில் நிரப்பிய பாட்டில்களில் சிலவற்றை எடுத்து நிறுக்க வேண்டும். அன்னாசிச் சாறு தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.05 கிலோ இருக்கும். கிராமை அப்படியே மில்லிலிட்டராக எடுத்துக்கொண்டால் கணக்கு பிசகும். அடர்த்தியால் வகுத்துப் பார்த்தபின் ஒரு பாட்டிலில் சராசரியாக 1,010 மில்லிலிட்டர் இருந்தால், 9,200 பாட்டில்களில் 92 லிட்டர் சாறு இலவசமாகப் போயிருக்கிறது. நிரப்பும் வால்வுகளைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து இயந்திரப் பதிவேடு. திட்டமிடாமல் இரண்டு முறை இயந்திரம் நின்று, குழாயைக் கழுவி மறுபடி தொடங்கியிருந்தால், மீதி 208 லிட்டர் போன இடம் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் அந்த ஐந்து விழுக்காடும் எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது. குழாயில் வீணாகும் 400 லிட்டர், சாறு எவ்வளவு ஓடினாலும் குறையாது. 5,000 லிட்டர் மட்டும் ஓட்டினால், நுரைக்கும் மாதிரிக்கும் 50 லிட்டர் சேர்த்து 450 லிட்டர் போகும்; அது 9 விழுக்காடு. அங்கேயும் 5 என்று எழுதினால், ஒரு தவறும் செய்யாத தொழிலாளர்மேல் 200 லிட்டர் பழி விழும். எனவே இயல்பான இழப்பைப் போன மாதச் சராசரியிலிருந்து எடுக்கக்கூடாது. குழாயில் எவ்வளவு, நுரையில் எவ்வளவு என்று இடம் இடமாக அளந்து, ஓட்டும் அளவுக்கு ஏற்ப வைக்க வேண்டும்.

சில நாள்களில் இழப்பு 400 லிட்டராகக் குறைந்து 9,600 பாட்டில்கள் வரலாம். அது அசாதாரண ஆதாயம். 100 லிட்டருக்கு 300 ரிங்கிட் இலாபமாக எழுதப்படும். எழுதுவதற்கு முன் பாட்டில்களை நிறுத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் குறைவாக நிரப்பியிருந்தாலும் ஏறக்குறைய இதே ஆதாயம் வரும். அப்போது அந்த 300 ரிங்கிட் வாடிக்கையாளரின் பணம்.