"ஆக்சுவலி" எங்கே வருகிறது?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவர்கள் பலர் ஒத்திகையை செல்போனில் பதிவு செய்கிறார்கள். ஆனால் போட்டுப் பார்த்த பத்தாவது விநாடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். "என் குரலா இது?" என்ற கூச்சம். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதை எட்டுகிறது. எலும்பு வழி வருவதில் கனமான ஒலிகள் கூடுதல். பதிவில் அவை இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் அன்றாடம் கேட்பது அந்தக் குரலைத்தான். இரண்டு மூன்று முறை கேட்டால் கூச்சம் குறையும்.

போனைக் கண் மட்டத்தில் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவில் எடுப்பது நல்லது. செல்ஃபி கேமரா என்றால் பார்வை தன் முகத்துக்கே போய்விடும்.

பதிவை முதலில் பார்க்கக் கூடாது. போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்க வேண்டும். படம் ஓடினால் கவனம் தலைமுடியிலும் சட்டையிலும் போய்விடுகிறது, காதுக்கு வேலை நடப்பதில்லை.

இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவி ஒருவர் தன் ப்ராஜெக்ட்டைப் பற்றி ஆங்கிலத்தில் 80 விநாடி பேசியதாக வைத்துக்கொள்வோம். சொன்னதை அப்படியே தாளில் எழுதி, "ஆக்சுவலி", "பேசிக்கலி", இழுவையான "ம்ம்" ஆகியவற்றை வட்டமிடுகிறார். மொத்தம் 12. அதில் 9 வாக்கியத் தொடக்கத்தில் வருகின்றன. எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். வாக்கியத் தொடக்கத்தில் வந்தால், அடுத்து என்ன சொல்வது என்று மனம் தேடும் முன்பே வாய் திறந்துவிட்டது என்று பொருள். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு விட்டு, பிறகு தொடங்கினால் இவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒரு குறிப்பிட்ட சொல்லுக்கு முன்னால் மட்டும் "ம்ம்" வந்தால் கதை வேறு: அந்த விஷயத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

அதே தாளிலேயே வேகமும் தெரியும். முதல் 30 விநாடியில் 95 சொற்கள், கடைசி 30-இல் 65. நிமிடத்துக்கு 130 முதல் 150 ஆங்கிலச் சொற்கள் என்பது கேட்க வசதியான வேகம். இவருடைய தொடக்கமோ 190. மனப்பாடம் செய்த அறிமுகம் இப்படித்தான் ஓடும். அந்தப் பகுதியை மட்டும் வரிகளாக இல்லாமல் மூன்று குறிப்புச் சொற்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டால் வேகம் தானே இறங்கும்.

அதன் பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கலாம். நாற்காலி ஆட்டம், மூக்கைத் தொடும் கை, பதில் தெரியாதபோது கூரைக்குப் போகும் கண் எல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். அடுத்த பதிவில் இவற்றில் ஒன்றை மட்டும் திருத்தினால் போதும்; எல்லாவற்றையும் ஒரேயடியாக அடக்கப் போனால் உடம்பு விறைத்துவிடும்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தால் பேச்சு சுத்தமாகும், ஆனால் அது மனப்பாடத்தின் சுத்தம். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு நண்பர், முன்கூட்டியே சொல்லாத துணைக்கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். பழக்கம் மாறியதா என்பதை அந்தப் பதிலில்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.